பேய்ப் படமா, காதல் படமா? எழுத்தே சொல்ல வேண்டும்!

பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்த தமிழர்களில் இந்தி எழுத்துத் தெரிந்து வந்தவர்கள் சிலரே. ஆனால் தாராவியிலும் மாதுங்காவிலும் சுவரில் ஒட்டியிருந்த இந்திப் பட விளம்பரத்தைப் பார்த்து, இது பேய்ப் படம், இது காதல் படம் என்று சொல்லத் தெரியாதவர்கள் யாரும் இருந்ததில்லை. படத்தின் பெயரை வாசிக்க முடியாவிட்டாலும் அந்தப் பெயர் எழுதப்பட்டிருந்த விதம் விஷயத்தைச் சொல்லிவிடும். குடும்பத்தோடு போகலாமா, குழந்தைகளை வீட்டில் விட்டுப் போக வேண்டுமா என்பதை அந்த எழுத்தின் சாயலை வைத்தே பலர் முடிவு செய்தார்கள்.

சினிமா விளம்பரத்தில் நடிகர்களின் முகத்தைப் பற்றிப் பேசுவோர் அநேகர். தலைப்பு எழுத்தைப் பற்றிப் பேசுவோர் அரிது. முகம் எல்லாப் படத்துக்கும் ஒன்றுதான். அதே கதாநாயகன் சென்ற மாதம் காதலித்தான், இந்த மாதம் பேயைக் கண்டு ஓடுகிறான். இது எந்த வகைப் படம் என்று உறுதி சொல்வது தலைப்பு எழுத்துத்தான். அந்த உறுதியை நம்பித்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். ஆகவே எழுத்து பொய் சொன்னால் அது வெறும் அழகுக் குறை அல்ல. பார்ப்பவனுக்குச் செய்த ஏமாற்று.

சிவப்பு மட்டும் போதுமா?

பேய்ப் படம் என்றால் சிவப்பு, காதல் படம் என்றால் ரோஜா வண்ணம் என்று பலர் எண்ணுகிறார்கள். இது சரியல்ல. இரத்தமும் சிவப்பு, ரோஜாவும் சிவப்பு, குங்குமமும் சிவப்பு. ஒரே சிவப்பு இரண்டு வகைப் படத்துக்கும் பயன்பட்டு வந்திருக்கிறது. மேலும் கறுப்புப் பின்னணியில் எழுதிய சிவப்பு எழுத்து பகலில் மின்னும். இரவில் மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் பழுத்து மங்கிக் கறுப்போடு கலந்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்த பேனர் ஓவியர்கள் சிவப்பு எழுத்தைச் சுற்றி மஞ்சளாலோ வெள்ளையாலோ மெல்லிய கரை கட்டினார்கள். அது அலங்காரத்துக்காக அல்ல, இரவில் தெரிவதற்காக.

எழுத்தின் குணம் வண்ணத்தில் இருக்கிறதா, வடிவத்தில் இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தலைப்பை வெள்ளைத் தாளில் வெறும் கறுப்பு மையால் எழுதிப் பார்க்க வேண்டும். அப்போதும் பேய் பேயாகவும் காதல் காதலாகவும் தெரிந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. கறுப்பில் எழுதியதும் குணம் போய்விட்டால், ஓவியர் எழுத்தை எழுதவில்லை, வண்ணத்தைப் பூசியிருக்கிறார் என்று பொருள். நாளிதழில் வந்த கறுப்பு வெள்ளை விளம்பரங்கள் இந்தச் சோதனையைத் தினமும் செய்துவந்தன.

1975-ல் வந்த 'ஷோலே' படத்தின் தலைப்பு இதற்கு நல்ல சாட்சி. பாறையில் வெட்டியது போன்ற கனத்த எழுத்து அது. 1959-ல் வந்த ஹாலிவுட் படமான 'பென்ஹர்' விளம்பரத்தின் கல்லெழுத்து வழியில் வந்தது. வண்ணத்தை நீக்கிவிட்டாலும் அதன் கனம் குறையாது. பாரம், மோதல், பிரம்மாண்டம் என்பதை அந்த எழுத்து ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது.

இரத்தம் சொட்டுவதில் உள்ள ஆபத்து

பேய்ப் படத்துக்கு எழுத்திலிருந்து இரத்தம் சொட்டுவது போல் வரைவது பழகிப்போன வழி. ராம்சே சகோதரர்கள் 1972-ல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே', 1984-ல் 'புரானா மந்திர்', 1988-ல் 'வீரானா' என்று வரிசையாகப் பேய்ப் படங்கள் எடுத்த காலத்தில் இந்திப் பேய்ப் படத்துக்கு என்று ஒரு விளம்பர மொழியே உருவாயிற்று. அந்த மொழியைக் கண்டபடி பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆங்கில எழுத்தில் எங்கே சொட்டு விழுந்தாலும் பெரும்பாலும் எழுத்து மாறாது. இந்தி எழுத்து அப்படியல்ல. இந்திச் சொல்லின் மேலே நீளமாக ஒரு தலைக்கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டிலிருந்து இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு சொட்டு நீளமாக இறங்கினால், அது சொட்டாகத் தெரியாது. 'ஆ' என்று நெடிலாக்கும் செங்குத்துக் கோடாகத் தெரியும். எழுத்துக்கு மேலே ஒரு துளி தெறித்தால் 'ம்', 'ன்' ஒலி தரும் புள்ளியாகிவிடும். கீழே தெறித்தால் சில எழுத்துகளின் ஒலியையே மாற்றும் அடிப்புள்ளியாகிவிடும். 'மந்திர்' என்ற சொல்லை வழக்கமாக மேலே ஒரு புள்ளி வைத்து எழுதுகிறார்கள். அதன் பக்கத்தில் நாலு இரத்தத் துளி தெறித்தால் உண்மையான புள்ளி எது என்று யாருக்குத் தெரியும்? உருதுவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே புள்ளி ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதை வைத்தே பல எழுத்துகள் வேறுபடுகின்றன.

இந்தியில் 'பூத்' என்றால் பேய். அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கும் 'ம' எழுத்துக்கும் முக்கியமான வேறுபாடு, தலைக்கோட்டின் இடது பக்கத்தில் உள்ள சிறு இடைவெளிதான். பயங்கரமாக இருக்கட்டும் என்று மேலே இரத்தத்தை வழியவிட்டு அந்த இடைவெளியை மூடிவிட்டால், பேய் மறைந்து, நாலு பேர் முன்னால் சொல்லக் கூசும் வேறொரு சொல் வந்து நிற்கும். பயப்பட வேண்டிய இடத்தில் தெருவே சிரிக்கும். பேய்ப் பட விளம்பரத்துக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை.

தமிழிலும் அதே கதை

தமிழ் எழுத்துக்குத் தலைக்கோடு இல்லை. ஆனால் ஆபத்து இல்லாமல் இல்லை. 'கா', 'பா' என்று நெடிலாக்கும் காலையும் 'ர' என்ற எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். காலுக்கு அடியில் சாய்வாக ஒரு சிறு வால் போட்டால் அது 'ர'. ஓவியர் காலின் அடியில் ஒரு சொட்டு வழியவிட்டாலும் அதே 'ர'. எழுத்துக்கு மேலே தெறித்த துளி மெய்யெழுத்தின் புள்ளியாகிவிடும். 'அவள்' என்பதில் உண்மைப் புள்ளி தெறிப்பில் மறைந்தால் 'அவள' என்று நிற்கும்.

இதை ஒரு தலைப்பை எடுத்து எழுதிப் பார்த்தால் தெளிவாகும். 1964-ல் ராஜ் கோஸ்லா இயக்கத்தில் சாதனாவும் மனோஜ் குமாரும் நடித்து 'வோ கௌன் தீ' என்ற இந்திப் படம் வந்தது. நள்ளிரவு, மழை, வெள்ளைப் புடவையில் ஒரு பெண் என்று தொடங்கும் மர்மக் கதை. அது 1966-ல் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடிக்க 'யார் நீ' என்று தமிழில் வந்தது. அந்தப் படத்தின் விளம்பரம் எப்படி இருந்தது என்பது இங்கே பேச்சல்ல. அந்தத் தலைப்பு ஒரு நல்ல பாடம் என்பதால் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. 'யார் நீ' என்பது காதலன் கேட்கும் கேள்வியாகவும் இருக்கலாம். நடுநிசியில் கதவைத் திறந்தவன் நடுங்கிக் கேட்கும் கேள்வியாகவும் இருக்கலாம். சொல் ஒன்றுதான். வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியது எழுத்து.

காதலுக்கு எழுதும் விதம்

முப்பது அங்குல அகலம், நாற்பது அங்குல உயரம் உள்ள வழக்கமான சுவரொட்டி. அதில் தலைப்பு எழுத்து ஐந்து அங்குல உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். காதல் படத்துக்கு எழுத்து வலது பக்கம் சற்றே சாய வேண்டும். பிரஷ்ஷின் கோடு ஒரு இடத்தில் தடித்தும் இன்னொரு இடத்தில் மெலிந்தும் ஓட வேண்டும். கையின் துடிப்பு அதில் தெரியும். எழுத்துகள் நெருங்கி நிற்க வேண்டும், ஆனால் இடித்துக்கொள்ளக் கூடாது. தமிழ் எழுத்தின் இயற்கையான வளைவு இதற்கு மிகவும் உதவுகிறது. 'யா' எழுத்தின் அடிக்கோட்டை இடப்பக்கம் நீட்டி மெலியவிடலாம். 'நீ' எழுத்தின் மேல் உள்ள சுழியை ஒரு கொடி போல எழும்பவிட்டு, தலைப்பின் மேல் படரவிடலாம்.

இங்கேயும் தவறு நேர இடம் உண்டு. படரும் கொடி 'ர்' எழுத்தின் மேல் போய் நின்றால் புள்ளியை விழுங்கிவிடும். அப்போது அது 'யார' என்றாகிவிடும். ஆகவே கொடி புள்ளியைத் தாண்டி மேலே போக வேண்டும், அல்லது புள்ளிக்கு முன்பே நின்றுவிட வேண்டும். இன்னொரு வழக்கமான ஆசை, புள்ளிக்குப் பதிலாக இதயத்தை வரைவது. ஐந்து அங்குல எழுத்தில் புள்ளி ஒரு அங்குலம்கூட இருக்காது. அதில் வரைந்த இதயம் பத்தடி தள்ளி நின்றால் வெறும் பொட்டாகத்தான் தெரியும். ரயில் ஜன்னலிலிருந்து பார்ப்பவனுக்கு அந்த உழைப்பு முழுவதும் வீண். காதல் எழுத்தின் ஓட்டத்தில் இருக்க வேண்டும், புள்ளியில் ஒட்டவைத்த பொம்மையில் அல்ல.

பேய்க்கு எழுதும் விதம்

அதே 'யார் நீ' பேய்ப் படத்துக்கு என்றால் சாய்வு போக வேண்டும். எழுத்து விறைத்து நிற்க வேண்டும். காதலில் நெருங்கி நின்றவை இங்கே விலகி நிற்க வேண்டும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இருட்டு நுழைய இடம் வேண்டும். கோடு தடித்து மெலிவதற்குப் பதிலாக ஒரே அளவாக மெலிந்து, ஓரங்கள் மட்டும் பிசிறடித்திருக்க வேண்டும். வண்ணம் குறைந்த காய்ந்த பிரஷ்ஷை இழுத்தால் அந்தப் பிசிறு தானாக வரும்.

சொட்டு வேண்டும் என்றால் எங்கே விடுவது? காலின் அடியில் கூடாது; 'யரர் நீ' என்றாகிவிடும். 'ய' எழுத்தின் படுத்த அடிக்கோட்டிலிருந்து விடலாம். அங்கே சொட்டு விழுந்தால் வேறு எழுத்தாக மாறாது. 'நீ' எழுத்தின் கீழே இறங்கும் வாலை நீட்டி அதன் நுனியில் விடலாம். மொத்தம் இரண்டு சொட்டு போதும். அவை ஒரே நீளமாகவும் இருக்கக் கூடாது. வண்ணம் வழிந்ததைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: தொடக்கத்தில் அகலமாக இருந்து, நடுவில் மெலிந்து, நுனியில் உருண்டு நிற்கும். சமமான இடைவெளியில், சமமான நீளத்தில் எல்லா எழுத்திலிருந்தும் சொட்டுத் தொங்கினால் அது இரத்தமாகத் தெரியாது. கல்யாணப் பந்தலில் தொங்கும் குஞ்சமாகத் தெரியும், அல்லது வெயிலில் உருகும் ஐஸாகத் தெரியும். வேலை கெட்டதை அறிய இதுவே அடையாளம்.

சொட்டே இல்லாமலும் பயத்தை எழுதலாம், அதுதான் மேலானது. 'யார்' என்ற சொல் ஒழுங்காக ஒரே வரிசையில் நிற்க, 'நீ' மட்டும் அரை அங்குலம் கீழே இறங்கி நின்றால் போதும். கண் அந்த இடத்தில் தடுக்கும். ஏதோ சரியில்லை என்று மனம் சொல்லும். 'நீ' எழுத்தின் சுழி காதலில் கொடியாக இருந்தது; அதையே இறுக்கி வட்டமாக்கினால் சுருக்குக் கயிறாகிவிடும். எழுத்து மாறவில்லை, எண்ணம் மாறிவிட்டது.

இரண்டும் கலந்த படத்துக்கு?

'வோ கௌன் தீ' போன்ற படம் முழுப் பேய்ப் படமும் அல்ல, முழுக் காதல் படமும் அல்ல. அதற்கு இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்து, ஒரு சொல்லில் கொடியும் மறு சொல்லில் இரத்தமும் விட்டால் எதுவும் நிற்காது. மூடுபனியில் எழுத்து கரைவது போல் எழுதுவது ஒரு வழி. இந்திக்கு வேலை செய்யும் முறை தமிழுக்கு அப்படியே செய்யாது. தமிழ் எழுத்தின் அடிப்பகுதியைப் பனியில் மறைத்தால் காலுக்கும் 'ர'வுக்கும் வேற்றுமை போய்விடும். மேற்பகுதியை மறைத்தால் புள்ளியும் சுழியும் போய்விடும். ஆகவே மேலிருந்தோ கீழிருந்தோ மறைக்காமல், இடமிருந்து வலமாகச் சிறிது சிறிதாக வெளிறவிட வேண்டும். 'யார்' தெளிவாக நிற்கும். 'நீ' மங்கித் தெரியும். கேட்கிறவன் தெரிகிறான், கேட்கப்படுகிறவள் தெரியவில்லை. கதையும் அதுதானே?

2009-ல் மாதவன் நடித்து ஒரே கதை இந்தியில் '13 பி' என்றும் தமிழில் 'யாவரும் நலம்' என்றும் வந்தது. புது வீட்டுக்குக் குடிபோன குடும்பத்தைப் பற்றிய பேய்க் கதை. இந்திப் பெயர் வெறும் வீட்டு எண். தமிழ்ப் பெயரோ கடிதத்தில் எழுதும் நல்வார்த்தை. இந்த மாதிரிப் பெயரின் பலமே அதன் அமைதியில் இருக்கிறது. அதற்கு இரத்தம் சொட்டவிட்டால் பெயருக்கும் எழுத்துக்கும் சண்டை வரும். ஒழுங்காக, வீட்டு வாசலில் எழுதியது போல எழுதி, ஒரே ஒரு எழுத்தில் மட்டும் ஒரு சிறு பழுது காட்டுவதே பொருத்தம். சொல் இனிமையாக இருக்கும்போது எழுத்து சற்றே கோணினால் போதும்.

இதற்கு நேர்மாறானது 2007-ல் 'முனி'யும் 2011-ல் 'காஞ்சனா'வும் வளர்த்துவிட்ட சிரிப்புப் பேய் வகை. அங்கே மிகையான எழுத்து தவறே அல்ல. பயமுறுத்தும்போதே சிரிக்கவைப்பேன் என்பது அந்த வகைப் படத்தின் வாக்கு. சொட்டு குஞ்சமாகத் தொங்கினாலும் அது உண்மையைத்தான் சொல்கிறது. உண்மையான பயப் படத்துக்கு அதே எழுத்தைப் போட்டால்தான் பொய்.

கணிப்பொறி வந்த பின்

1990-களின் பிற்பகுதியிலிருந்து பிளெக்ஸ் அச்சு வந்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கிக் கையால் எழுதிய பேனர்கள் குறைந்துவிட்டன. இதைச் சொல்லி அழுது பயனில்லை. கணிப்பொறியில் வேலை செய்கிறவரும் நன்றாக எழுதலாம். குறை எங்கே என்றால், பேய்ப் பட எழுத்து என்று தயாராகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துகள். ஆங்கிலத் தலைப்பு அந்த எழுத்தில் ஜோராக அமைந்துவிடும். தமிழ்த் தலைப்பு சாதாரண அச்செழுத்தில் ஏறி, அதன் கீழ் அதே சொட்டு வெட்டி ஒட்டப்படும். தமிழ் எழுத்தில் எங்கே ஒட்டலாம், எங்கே ஒட்டக் கூடாது என்று பார்ப்பதில்லை. காலெல்லாம் 'ர' ஆவது இப்படித்தான். கையால் எழுதியவன் ஒவ்வொரு எழுத்தையும் தொட்டாக வேண்டியிருந்தது. அதனால் தவறு கண்ணில் பட்டது. ஒரே தட்டில் எல்லா எழுத்துக்கும் சொட்டு வரும்போது யார் கண்ணிலும் படுவதில்லை.

இதற்கு மருந்து பெரிதல்ல. அச்சுக்குப் போகுமுன் தலைப்பை மட்டும் தனியே எடுத்துக் கறுப்பு வெள்ளையில் சிறிதாக அச்சிட்டு, படத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் காட்ட வேண்டும். இரண்டு கேள்விகள் போதும். என்ன எழுதியிருக்கிறது? என்ன படம்? முதல் கேள்விக்குத் தடுமாறினால் அலங்காரம் எழுத்தைத் தின்றுவிட்டது. இரண்டாவது கேள்விக்குத் தடுமாறினால் எழுத்து பேசவில்லை. இரண்டிலும் தேறாத தலைப்பை ஆயிரம் சுவரில் ஒட்டினாலும் பயனில்லை.

தயாரிப்பாளர்கள் நடிகரின் பெயர் எத்தனை அங்குலம், யாருடைய முகம் முன்னால் என்று மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். தலைப்பு எழுத்தை எழுதுகிறவருக்குக் கதையை ஒரு பத்து நிமிஷம் சொன்னால் அந்தச் செலவில் கால்வாசியும் ஆகாது. கதை தெரியாமல் எழுதியவர் கைக்குப் பழகியதை எழுதுவார். கதை தெரிந்து எழுதியவரின் எழுத்தை, அந்த மொழி தெரியாத கூலித் தொழிலாளியும் ஓடும் வண்டியிலிருந்து வாசித்துவிடுவான்.